அனுப்பிய பொருளுக்கே விலைப்பட்டியல்

ஓணத்திற்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போதே திருவனந்தபுரத்து வங்கிக் கிளைகளின் மேசைகளில் அதன் அறிகுறி தெரிந்துவிடும். சாலைக் கம்போளத்துத் துணி வணிகர்களும், பாலராமபுரத்து நெசவுக்கூட உரிமையாளர்களும் ரொக்கக் கடன் வரம்பைச் சிறிது உயர்த்தித் தர இயலுமா என்று கேட்டு வருவர். ஒரு கையில் சரக்கிருப்பு அறிக்கையும், மறு கையில் வரவேண்டிய தொகைகளின் பட்டியலும் இருக்கும். அவற்றைச் சரிபார்ப்பது வங்கியாளராகிய நமது அன்றாட வேலை.

அவ்வேலையில் நாம் மீண்டும் மீண்டும் காணும் ஒரு பழக்கத்தைப் பற்றியே இக்கட்டுரை. நானூறு உருப்படிகளுக்கு ஆர்டர் வருகிறது, இருநூற்றைம்பதுதான் தயாராகிறது, ஆனால் விலைப்பட்டியல் நானூறுக்கும் எழுதப்படுகிறது. 'மீதி எப்படியும் போகத்தானே போகிறது' என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இதில் ஏமாற்றும் எண்ணம் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆயினும் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் கடன் கொடுத்த வங்கிக்கும் இப்பழக்கம் தீங்கு செய்கிறது. விலைப்பட்டியல் பொருள் புறப்படும்போது, புறப்படும் அளவிற்கு மட்டுமே எழுதப்பட வேண்டும் என்பது நமது கருத்து. அதற்கான காரணங்களை ஒரு நிகழ்வின் வழியே விளக்குவது எளிது.

ஒரு நெசவுக்கூடத்தின் கணக்கு

பாலராமபுரம் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். திருவிதாங்கூர் மன்னர் பலராம வர்மா காலத்தில் தமிழ் பேசும் சாலியர் குடும்பங்கள் குடியேற்றப்பட்டு வளர்ந்த நெசவூர். இன்றும் குழித்தறிகள் இயங்கும் இடம். இங்கு பாவுக்குக் கஞ்சியிட்டுத் தெருவில் நீட்டி உலர்த்துவது மரபு. தென்மேற்குப் பருவமழை வலுத்தால் பாவு உலராது. பாவு உலராவிட்டால் தறி ஓடாது. ஓணத்திற்கான ஆர்டர்கள் குவியும் மாதங்களும் மழை மாதங்களும் ஒன்றாகவே வருகின்றன. எனவே கேட்ட அளவை ஒரே தவணையில் கொடுக்க இயலாமற்போவது இங்கே விதிவிலக்கன்று. ஏறக்குறைய ஆண்டுதோறும் நிகழ்வது.

நமது வாடிக்கையாளரான ஒரு நெசவுக்கூட உரிமையாளருக்கு நேர்ந்ததை, ஊரும் பெயரும் அடையாளம் காட்டாதவாறு, எண்களை எளிமையாக்கிச் சொல்கிறோம். நாகர்கோவிலில் உள்ள ஒரு துணிக்கடையிலிருந்து ஜூன் 10ஆம் நாள் அவருக்கு ஆர்டர் வந்தது. கசவுக்கரை செட் முண்டு 400. ஒன்றின் விலை 1,500 ரூபாய். பொருளின் மதிப்பு 6,00,000 ரூபாய். மாநிலம் விட்டு மாநிலம் செல்வதால் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரி 5 விழுக்காடு, அதாவது 30,000 ரூபாய். மொத்தம் 6,30,000. அதில் ஐந்தில் ஒரு பங்கான 1,26,000 ரூபாயைக் கடைக்காரர் முன்பணமாக அனுப்பினார்.

ஜூலை 25ஆம் நாள் 250 உருப்படிகள் கட்டப்பட்டன. ஒரு கட்டுக்கு 25 வீதம் பத்துக் கட்டுகள். 'ஒரே பில்லாகப் போட்டுவிடுங்கள், விலை பேசியது பேசியதாக இருக்கட்டும்' என்று கடைக்காரர் சொன்னதால், உரிமையாளர் அன்றே 400 உருப்படிகளுக்கும் விலைப்பட்டியல் எழுதினார். மீதி 150ஐ ஆகஸ்டு நடுவில் அனுப்புவதாக வாய்மொழியாகச் சொன்னார்.

ஆகஸ்டில் மழை நிற்கவில்லை. 18ஆம் நாள் 100 உருப்படிகளே அனுப்ப முடிந்தது. அதற்குமேல் வந்தால் ஓண விற்பனைக்கு உதவாது என்று கடைக்காரர் எஞ்சிய 50ஐ வேண்டாம் என்றுவிட்டார். இவ்வளவுதான் நிகழ்ச்சி. யாரும் யாரையும் ஏய்க்கவில்லை. ஆனால் ஒரு தாளில் எழுதப்பட்ட 400 என்ற எண் நான்கு இடங்களில் சிக்கலை விதைத்துவிட்டது.

விற்றவர் தலையில் விழுந்த வரி

முதலாவது வரி. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, இடம்பெயர்ந்து செல்லும் பொருளுக்கு விலைப்பட்டியல் எப்போது எழுதப்பட வேண்டும் என்று சொல்கிறது. பொருளை வாங்குபவருக்கு அனுப்புவதற்காக அகற்றும் வேளையிலோ அதற்கு முன்போ எழுத வேண்டும். 'அகற்றுதல்' என்ற சொல் பழைய கலால் வரிக் காலத்திலிருந்து தொடர்ந்து வருவது. சரக்கு ஆலை வாயிலைக் கடக்கும் அந்தக் கணமே அன்று வரியின் கணமாக இருந்தது.

'முன்போ' என்று சட்டம் அனுமதிக்கிறதே, பின் முன்கூட்டி எழுதினால் என்ன தவறு என்று சிலர் கேட்பதுண்டு. அனுமதி உண்டு, ஆனால் அதற்கு விலையும் உண்டு. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, விலைப்பட்டியலில் எந்த அளவு எழுதப்பட்டதோ அந்த அளவிற்கு வழங்கல் நடந்துவிட்டதாகவே கொள்ளப்படும். தறியில் ஏறாத 150 உருப்படிகளுக்கும் ஜூலை மாதக் கணக்கிலேயே வரி வந்துவிடும்.

நமது வாடிக்கையாளருக்கு அதுவே நேர்ந்தது. ஜூலை மாதத்திற்கான மாதாந்தர வரியறிக்கையை ஆகஸ்டு 20க்குள் தாக்கல் செய்து 30,000 ரூபாய் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று. அனுப்பிய 250க்கு மட்டும் எழுதியிருந்தால் மதிப்பு 3,75,000, வரி 18,750. மீதி 11,250 ரூபாய் அவர் கையிலேயே இருந்திருக்கும். பெரிய நிறுவனத்திற்கு இது சிறுதொகை. நூலுக்கும் நெசவுக் கூலிக்கும் ரொக்கம் தேடும் ஆகஸ்டு மாதத்தில் ஒரு நெசவுக்கூடத்திற்கு இது சிறுதொகையன்று.

முன்பணம் வாங்கியதால்தான் பில் எழுத நேர்ந்தது என்று அவர் சொன்னார். இதுவும் பரவலான தவறான எண்ணம். முன்பணத்திற்கு உரியது விலைப்பட்டியல் அன்று, பெறுகைச் சீட்டு. வழக்கமான முறையில் வரி செலுத்துவோர் பொருள்களுக்காகப் பெறும் முன்பணத்தின் மீது அப்போதே வரி கட்டத் தேவையில்லை என்று 2017 நவம்பர் 15ஆம் நாளிட்ட அறிவிக்கை விலக்களித்துள்ளது. சேவைகளுக்கு இவ்விலக்கு இல்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். ஆகவே 1,26,000 ரூபாய்க்கு ஒரு பெறுகைச் சீட்டு போதும். கடைக்காரர் தம் கணக்கில் வைத்துக்கொள்ளச் சான்று கேட்டால், வரி மதிப்பற்ற முன்விவரப் பட்டியல், அதாவது 'புரோஃபார்மா', ஒன்றைக் கொடுக்கலாம். அதில் 400 என்று தாராளமாக எழுதலாம். அதனால் வரி எழாது, கடனும் எழாது.

வாங்கியவருக்கு நின்றுபோன வரவு

இரண்டாவது, வாங்கியவரின் நிலை. 'ஒரே பில்' கேட்டவர் அவர்தான். அதனால் அதிகம் இழக்கக்கூடியவரும் அவர்தான் என்பது அவருக்குத் தெரியவில்லை.

சட்டத்தின் 16ஆம் பிரிவு உள்ளீட்டு வரி வரவைப் பற்றியது. பொருளைப் பெற்றவருக்கே அவ்வரவு. ஒரு விலைப்பட்டியலில் அடங்கிய பொருள்கள் பல தவணைகளாக வந்தால், கடைசித் தவணை வந்து சேர்ந்த பின்னரே வரவை எடுத்துக்கொள்ளலாம் என்று அப்பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதாவது 400க்கும் ஒரே விலைப்பட்டியல் இருக்குமானால், முதலில் வந்த 250ஐக் கடையில் அடுக்கி விற்றே தீர்த்திருந்தாலும், அதற்குரிய 18,750 ரூபாயைக்கூட அவர் எடுக்க இயலாது. வராத பொருள் வந்த பொருளின் வரவையும் பிடித்து நிறுத்திவிடுகிறது.

நடைமுறையில் நடந்ததோ வேறு. விற்றவர் ஜூலைக் கணக்கில் காட்டிய 30,000 ரூபாயும் வாங்கியவரின் இணையக் கணக்கில், ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில், தானாகவே வந்து நின்றது. அந்த அறிக்கைக்கு விலைப்பட்டியல் தெரியும். எத்தனை கட்டுகள் கடைக்குள் இறங்கின என்று தெரியாது. கடையின் கணக்காளர் திரையில் கண்டதை அப்படியே எடுத்துக்கொண்டார். பின்னர் 50 உருப்படிகள் ரத்தானபோது, விற்றவர் 75,000 ரூபாய் மதிப்பிற்கும் 3,750 ரூபாய் வரிக்குமாக 78,750 ரூபாய்க்கு 'கிரெடிட் நோட்' எழுத வேண்டியதாயிற்று. வாங்கியவர் அந்த வரியளவு வரவைத் திருப்ப வேண்டியதாயிற்று. முன்கூட்டி எடுத்துப் பயன்படுத்திய வரவிற்கு வட்டி என்ற கேள்வியும் உடன் எழுந்தது.

இரண்டு விலைப்பட்டியல்கள் இருந்திருந்தால் இவை ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. முதல் பட்டியலுக்கு 18,750 ரூபாயும், இரண்டாம் பட்டியலுக்கு 100 உருப்படிகளுக்கான 7,500 ரூபாயும் உரிய காலத்தில் ஐயத்திற்கிடமின்றி வரவாகியிருக்கும். ரத்தான 50க்கு விலைப்பட்டியலே பிறந்திருக்காது. எனவே கிரெடிட் நோட்டும் பிறந்திருக்காது. ஆர்டரின் எஞ்சிய பகுதி முடித்துக்கொள்ளப்பட்டது என்று ஒரு கடிதம் போதுமானதாக இருந்திருக்கும்.

சாலையில் காத்திருக்கும் ஐயம்

மூன்றாவது, வழியில் செல்லும் வண்டி. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லையைத் தாண்டும்போது இ-வே பில் உடன் செல்ல வேண்டும். விலைப்பட்டியலை அடிப்படையாக வைத்தே அது உருவாக்கப்படும். நமது வாடிக்கையாளரின் வண்டியில் 250 உருப்படிகள் இருந்தன. தாளில் 400 இருந்தன. களியக்காவிளைப் பக்கம் அதிகாரிகள் வண்டியை நிறுத்திக் கட்டுகளை எண்ணியிருந்தால், மீதி 150 எங்கே இறக்கப்பட்டது என்பதே முதல் கேள்வியாக இருந்திருக்கும். ஆவணமும் சரக்கும் ஒவ்வாத நிலையில் 129ஆம் பிரிவின் கீழ் வண்டியையும் சரக்கையும் தடுத்து வைக்கலாம். உரிமையாளர் முன்வந்து மீட்டுக்கொள்ள வேண்டுமானால் வரியைப் போல் இருமடங்கு தண்டத்தொகை. அவரை யாரும் நிறுத்தவில்லை. அது அவருடைய நற்பேறு, நடைமுறையின் சிறப்பன்று.

வங்கி கண்டதும் கேட்டதும்

நான்காவது, நம் மேசை. ஜூலை மாத இறுதியில் அவர் அளித்த பட்டியலில் நாகர்கோவில் கடையிலிருந்து வரவேண்டியது 5,04,000 ரூபாய் என்றிருந்தது. 6,30,000 ரூபாயில் முன்பணம் 1,26,000 போக எஞ்சியது அது. அதே அறிக்கையின் சரக்கிருப்புப் பகுதியில் நூல், ஜரிகை, தறியில் உள்ள துணி ஆகியவற்றின் மதிப்பும் வழக்கம்போல் இருந்தது. அந்த நூலும் துணியும் எதற்காக? அனுப்பாத 150 உருப்படிகளுக்காகத்தான். ஆக, ஒரே பொருள் ஒருமுறை சரக்காகவும் மறுமுறை கடனாகவும் எண்ணப்பட்டிருந்தது.

இதனை நாம் கண்டுபிடித்ததில் பெரிய நுட்பம் எதுவுமில்லை. விலைப்பட்டியலுடன் லாரி அலுவலகத்தின் ரசீதையும் கேட்டோம். ரசீதில் பத்துக் கட்டுகள் என்றிருந்தது. கட்டுக்கு 25 என்றால் 250. நானூறுக்குப் பதினாறு கட்டுகள் வேண்டும். வேறு கிளைகளில் வேறு விதமாகவும் இது வெளிப்படும். ஒரு மாதம் காட்டிய விற்பனைக்கு அடுத்தடுத்த மாதங்களில் கிரெடிட் நோட்டுகள் தொடர்ந்து வந்தால், அல்லது வரவேண்டிய தொகை வளர்ந்துகொண்டே போயும் கணக்கில் காசோலைகள் அதற்கேற்ப விழாவிட்டால், விலைப்பட்டியல்கள் சரக்கை முந்திக்கொண்டு ஓடுகின்றன என்று பொருள்.

கணக்கு இப்படி மாறியது. வரவேண்டிய தொகைமீது 25 விழுக்காடு மார்ஜின் என்று வைத்துக்கொண்டால், 5,04,000 ரூபாய்க்கு அவர் எடுக்கக்கூடியது 3,78,000 ரூபாய். உண்மையில் அனுப்பிய 250க்கு மொத்தம் 3,93,750, முன்பணத்தில் அதற்குரிய பங்கு 78,750, ஆக வரவேண்டியது 3,15,000, எடுக்கக்கூடியது 2,36,250. இடைவெளி 1,41,750 ரூபாய். அந்த அளவிற்கு அவருடைய எடுப்பு வரம்பைக் குறைக்க நேர்ந்தது. நெசவாளருக்குக் கூலி கொடுக்க வேண்டிய வாரத்தில் அது நிகழ்ந்தது. கவலையுற்ற அவர், 'சார், நான் பொய்க்கணக்கு எழுதவில்லை' என்றார். அவர் சொன்னது உண்மை என்று நமக்குத் தெரியும். ஆனால் தாளில் இருந்த கடன் நாகர்கோவிலில் இருக்கவில்லை.

இதற்குச் சட்டத்தின் பழைய நூலிலேயே விளக்கம் உண்டு. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, எந்தப் பொருள் என்று இன்னும் அறுதியிடப்படாத நிலையில் உடைமை வாங்குபவருக்கு மாறாது என்கிறது. நெய்யப்படாத முண்டுக்கு உடைமை மாற்றம் இல்லை. அதே சட்டத்தின் 37ஆம் பிரிவு, பேசிய அளவைவிடக் குறைவாக அனுப்பினால் வாங்குபவர் மறுக்கலாம், ஏற்றுக்கொண்டால் ஏற்ற அளவிற்குப் பேசிய விலையில் பணம் கொடுக்க வேண்டும் என்கிறது. ஏற்ற அளவிற்கு மட்டுமே. நானூறு என்று விலைப்பட்டியல் சொன்னாலும், இருநூற்றைம்பதைப் பெற்றவர் இருநூற்றைம்பதுக்கே கடன்பட்டவர்.

கெடு நாளும் இதனோடு சேர்ந்தது. உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து மூலமான உடன்பாடு இருந்தாலும் பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் பணம் வந்துசேர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் விதிக்கிறது. உடன்பாடு இல்லையேல் 15 நாட்கள். நாள் எண்ணிக்கை விலைப்பட்டியலில் தொடங்குவதில்லை. பொருளை ஏற்றதில் தொடங்குகிறது. முதல் தவணை ஜூலை 26இல் ஏற்கப்பட்டிருந்தால், 45 நாள் உடன்பாட்டின்படி கெடு செப்டம்பர் 9. இரண்டாம் தவணை ஆகஸ்டு 19இல் ஏற்கப்பட்டால் கெடு அக்டோபர் 3. இரண்டு தவணைகளுக்கும் ஒரே விலைப்பட்டியல் இருந்தால், 'முழுச் சரக்கும் வரட்டும், பிறகு பார்க்கலாம்' என்று வாங்குபவர் முதல் தவணைக்கான பணத்தையும் நிறுத்திவைக்க வழி பிறக்கிறது. தனித்தனிப் பட்டியல் அந்த வழியை அடைக்கிறது.

முழு விலைப்பட்டியல் முறையாகும் இடம்

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதனை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சரக்கு சேவை வரி விதிகளில் 55ஆம் விதி, பிரித்த நிலையிலோ தொகுதி தொகுதியாகவோ அனுப்பப்படும் பொருளுக்கு வேறு முறையை வகுக்கிறது. முதல் வண்டி புறப்படுமுன் முழு விலைப்பட்டியல். அடுத்தடுத்த வண்டிகளுக்கு அந்த விலைப்பட்டியலின் எண்ணைக் குறிப்பிட்டு டெலிவரி சலான், அத்துடன் விலைப்பட்டியலின் சான்றிட்ட படி. மூலப் படி கடைசி வண்டியுடன் செல்ல வேண்டும். 'சட்டமே முழு பில் போடச் சொல்கிறதே' என்று சில கணக்காளர்கள் இந்த விதியைக் காட்டுவர்.

இந்த விதி எதற்குப் பொருந்தும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். கோயம்புத்தூரிலிருந்து ஓர் இயந்திரம் மூன்று லாரிகளில் பிரித்துக் கொண்டுவரப்படுகிறது. அடித்தளம் ஒரு வண்டியில், மோட்டார் ஒரு வண்டியில், மற்ற பாகங்கள் ஒரு வண்டியில். மூன்றும் சேர்ந்தால்தான் இயந்திரம். மோட்டாருக்கு மட்டும் தனி விலை பேசப்படவில்லை. அதனைத் தனியே வாங்க யாரும் எண்ணவுமில்லை. இங்கே ஒரே விலைப்பட்டியலே முறை. கடைசி வண்டி வந்த பின்னரே வரவு என்ற விதியும் இங்கே நியாயமாகவே இருக்கிறது.

செட் முண்டு அப்படியன்று. ஒவ்வோர் உருப்படியும் முழுமையானது, தனி விலையுள்ளது, தனியே விற்பனையாவது. எனவே நாம் பரிந்துரைக்கும் உரைகல் மிக எளியது. எஞ்சிய பொருள் இன்று உங்கள் கிடங்கில் இருக்கிறதா, வண்டியில் இடமில்லாததால் மட்டும் நிற்கிறதா? அல்லது அது இனிமேல்தான் உருவாக வேண்டுமா? முதலாவதானால் 55ஆம் விதியின் வழி திறந்திருக்கிறது. இரண்டாவதானால், அனுப்பியதற்கு மட்டும் எழுதுவதே அறிவுடைமை. இல்லாத பொருளுக்கு எழுதிய விலைப்பட்டியல் வெறும் வாக்குறுதியே; வாக்குறுதியை எழுதுவதற்குரிய தாள் ஆர்டர்.

ஏற்றுமதியாளர்களுக்கு இதே செய்தி வேறு வடிவில் வருகிறது. கடனுறுதிக் கடிதத்தின் பேரில் அனுப்புவோர், பகுதி அனுப்புகை அனுமதிக்கப்படுகிறதா என்று அக்கடிதத்தில் முதலில் பார்க்க வேண்டும். யுசிபி 600 விதிகளின் 31ஆம் கூறு பகுதி அனுப்புகையைப் பொதுவாக அனுமதிக்கிறது. ஆனால் கடிதம் அதனைத் தடைசெய்திருந்தால், 250ஐ மட்டும் ஏற்றி அனுப்பி ஆவணம் கொடுத்தால் வங்கி ஏற்காது. கப்பல் ரசீதில் 250, விலைப்பட்டியலில் 400 என்றிருந்தாலோ, கடிதம் என்ன சொன்னாலும் ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். அங்கே சரிசெய்ய வேண்டியது விலைப்பட்டியலை அன்று. பொருள் ஏற்றுமுன்னரே கடனுறுதிக் கடிதத்தைத் திருத்தி வாங்க வேண்டும்.

எப்படி எழுதுவது

அனுப்பியதற்கு மட்டும் எழுதினால் விலை மாறிவிடுமே என்ற வாங்குபவரின் அச்சத்திற்கு மருந்து, ஆர்டரை உறுதிசெய்யும் கடிதம். அதில் மொத்த அளவு, ஒன்றின் விலை, எந்த நாள் வரை அந்த விலை செல்லும், தவணைகளாக அனுப்பலாமா, இரண்டாம் தவணையின் வண்டிக் கூலி யாருடையது, எந்த நாளுக்குப் பின் வாங்குபவர் எஞ்சியதை மறுக்கலாம் என்பன இருக்க வேண்டும். தவணை பற்றிய வரி மிக முக்கியமானது. சரக்கு விற்பனைச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் தவணைகளாக வரும் பொருளை ஏற்க வாங்குபவர் கடமைப்பட்டவர் அல்லர். அந்த ஒரு வரி இல்லாமல் 250ஐ அனுப்பினால், அவர் அதனையே திருப்பியனுப்பக்கூடும்.

விலைப்பட்டியலில், வரி கணக்கிடும் வரிசையில் அனுப்பும் அளவு மட்டும் வர வேண்டும். கீழே குறிப்பாக, 'ஆர்டர் 400, முன் அனுப்பியது இல்லை, இப்போது 250, எஞ்சியது 150' என்று எழுதலாம். இரண்டாம் தவணைக்குப் புதிய வரிசை எண்ணுடன் புதிய விலைப்பட்டியல். ஆர்டர் எண் மட்டும் இரண்டிலும் ஒன்றே. டேலி போன்ற கணக்கு மென்பொருள்களில் ஆர்டரைத் தனியே பதிந்து, விலைப்பட்டியல் எழுதும்போது அதனோடு இணைத்தால், எஞ்சிய அளவை அதுவே காட்டிவரும்.

முன்பணத்தை அளவின் விகிதத்தில் பங்கிடுவதே சச்சரவில்லாத வழி. 1,26,000 ரூபாயில் 250க்கு 78,750. அடுத்த 100க்கு 31,500. ரத்தான 50க்கு 15,750. இறுதித் தொகையைத் திருப்பித் தரலாம், அல்லது எழுத்து மூலம் அடுத்த ஆர்டருக்கு மாற்றலாம். முன்பணம் முழுவதையும் முதல் பட்டியலிலேயே கழித்துவிட்டால் வாங்குபவருக்கு முதலில் இனிக்கும். இரண்டாம் தவணைக்கு அவர் தரும் பிடிமானம் எதுவும் விற்றவரிடம் மிஞ்சாது.

நம் பங்கிலும் ஒரு குறை

இவ்வளவும் சொன்ன பின், வங்கியாளராகிய நமது தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் முழு விலைப்பட்டியல் எழுதுவதற்கு நாமும் ஒரு காரணம். அறிக்கையில் சரக்கு என்றும் வரவேண்டியது என்றும் இரண்டு இடங்களை மட்டும் வைத்துவிட்டு, கையிலிருக்கும் ஆர்டருக்கு இடமே கொடுப்பதில்லை. ஆர்டரைக் காட்டினால் 'பில் இருக்கிறதா' என்று கேட்கிறோம். அப்படிக் கேட்கும் மேசையில் பில் பிறக்காமல் என்ன செய்யும்?

உறுதியான ஆர்டரின் பேரில், குறிப்பிட்ட காலத்திற்குத் தற்காலிகக் கூடுதல் வரம்பு வழங்கும் வழக்கம் வங்கிகளில் உண்டு. பருவகாலத் தொழில்களுக்கு அது பொருத்தமானது. அதற்கு ஆர்டரின் நகல், முன்பணம் வங்கிக் கணக்கில் வந்த சான்று, சென்ற ஆண்டுகளில் அதே கடைக்கு அனுப்பிப் பணம் பெற்ற வரலாறு ஆகியவை வேண்டும். நமது நெசவுக்கூட உரிமையாளரிடம் இம்மூன்றும் இருந்தன. அவர் ஜூனிலேயே ஆர்டரை ஆர்டராகக் காட்டியிருந்தால், ஆகஸ்டில் கடனாகக் காட்டி வரம்பை இழந்திருக்க வேண்டியதில்லை. அப்படிக் காட்டச் சொல்லி நாமும் அவரிடம் ஜூனில் கேட்கவில்லை.

கிளைகளில் மாதாந்தர அறிக்கைப் படிவத்துடன் நிலுவை ஆர்டர்களின் பட்டியல் ஒன்றையும் தனித்தாளாகப் பெற வேண்டும் என்பது நமது முன்மொழிவு. ஆர்டர் நாள், மொத்த அளவு, அனுப்பியது, எஞ்சியது, பெற்ற முன்பணம் என ஐந்து நிரல்கள் போதும். அந்தத் தாளைக் கொண்டு எடுப்பு வரம்பு கணக்கிட இயலாது; ஆனால் தற்காலிக வரம்பு கேட்டு வருபவரின் தேவையை அளக்க அதைவிட நல்ல சான்று இல்லை. வாடிக்கையாளர்கள் படிவம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த சரக்கிருப்பு அறிக்கையோடு ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொண்டுவரலாம்.

அந்த உரிமையாளர் இந்த ஆண்டு அப்படியே செய்தார். ஆர்டர் 300, முதல் தவணை 180, விலைப்பட்டியலும் 180க்கே. லாரி ரசீதும் விலைப்பட்டியலும் இ-வே பில்லும் ஒரே எண்ணைச் சொன்னதால், சரிபார்க்க நமக்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் ஆகவில்லை. எஞ்சிய 120, நிலுவை ஆர்டர்த் தாளில், மழை விடுவதற்காகக் காத்திருந்தது.